எஃப்.சி போன வண்டி

என்னை ஒரு தடவை நடுரோட்டில் போட்டு அடித்திருக்கிறார்கள். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. வேனுக்கு எஃப்.சி, அதாவது ரோட்டில் ஓடத் தகுதி என்கிற சான்று, முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. "இந்த வாரம் ஓட்டு, அடுத்த வாரம் காட்டிக்கலாம்" என்றார் முதலாளி. ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை போய் ஒட்டிக்கொண்டது. முன்னால் சைக்கிளில் போன மனிதரை இடித்துத் தள்ளிவிட்டு, வேன் ஒரு பெட்டிக்கடையில் முட்டி நின்றது. கதவைத் திறந்து என்னை இழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டு பல் போனது. இடது காது பாதிதான் கேட்கும். அந்த மனிதர் பிழைத்தார், ஆனால் எழுந்து நடக்கவில்லை. என் லைசென்சை நிறுத்தி வைத்தார்கள். திரும்பக் கிடைத்த பிறகும் நான் வாடகைக்கு வண்டி எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் புகைப் பரிசோதனை செய்யும் வேலைக்கு வந்தேன். சேக்காட்டுப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில், காற்றடிக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வேன். உள்ளே கம்ப்யூட்டர், கேமரா, புகையை அளக்கும் பெட்டி. பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அப்போதுதான் பழைய வண்டி வாங்கியவர்களாகவோ, வாங்கப்போகிறவர்களாகவோ இருப்பார்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர்களிடம் ஆர்.சி, பொல்யூஷன், எஃப்.சி என்ற மூன்று பேப்பரைப் பற்றியும் சொல்லுவேன். அது தொழில் இல்லை, எனக்குள் இருந்த ஒரு பயம். சிலர் கேட்பார்கள். சிலர், "யோவ், உன் வேலைய பாரு" என்பார்கள்.

அந்தப் பெண் கேட்கிறவளாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கழுத்தில் ஜெபமாலை, முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள், முப்பத்தைந்து வயது சொல்லலாம். பூசைக்குப் போய்விட்டு நேராக வந்ததாகச் சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டுகிறவள். தகடு தூக்கித் தூக்கி அவள் முன்கை என் முன்கையை விடத் தடித்திருந்தது. புருஷனுக்குப் பக்கவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாரம் மூன்று நாள் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆட்டோக்காரர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பார்த்து, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்துவிட்டாள். வெள்ளானூர் பக்கம் ஒருவன் வண்டி விற்கிறான் என்று கேள்விப்பட்டுப் பேசி முடித்து, அன்றைக்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

விற்கிறவன் மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். வெள்ளை நிற டீசல் கார், நீளமானது, பின்னால் டிக்கி உள்ள வகை. ஒன்பது வருஷத்து வண்டி. நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது. அவனுக்கு நாற்பது வயது, ஒல்லி, வாயில் பாக்கு.

"அண்ணாத்தே, ஒரு பொல்யூஷன் போட்டுக் குடு. வண்டி கை மாறுது. சட்டுனு உட்டா நாங்க கெளம்பிகினே இருப்போம்" என்றான்.

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதை என்னிடம் நீட்டினாள். "அண்ணே, இதுல என்னென்ன பேப்பர் இருக்குன்னு பாத்து சொல்றீங்களா? எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. ஆர்.சி, பொல்யூஷன், எஃப்.சி மூணும் கேட்டு வாங்குன்னு கம்பெனியில சொன்னாங்க. இவரு எஃப்.சி வேணாம்ங்கறாரு."

"ஓன் போர்டு வண்டிக்கு ஏதுமா எஃப்.சி?" என்று அவன் சிரித்தான். "நீயே சொல்லு அண்ணாத்தே."

அவன் சொன்னது பொய் இல்லை. அதையே அவளுக்கு விளக்கினேன். வெள்ளை போர்டு வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான காருக்குத் தனியாக எஃப்.சி கிடையாது. ஆர்.சி-யிலேயே பதினைந்து வருஷத்துக்கு ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி முடிந்தபின் வண்டியை ஆர்.டி.ஓ ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, பார்த்துச் சரி என்றால் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். மஞ்சள் போர்டு, அதாவது வாடகைக்கு ஓடுகிற வண்டிக்குத்தான் தனி எஃப்.சி. முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். பிரேக், ஸ்டியரிங், லைட், டயர் எல்லாம் பார்த்து, இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று எழுதிக் கொடுப்பது.

"அப்ப பொல்யூஷன்?" என்றாள்.

"அது பொகைய மட்டும் பாக்கறதுமா. எந்த அளவுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு இருக்கு. உள்ள இருந்தா பாஸ். இந்த மாதிரி வண்டிக்கு ஒரு வருஷம் செல்லும். பொகை அளவு சரியா வந்தா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பிரேக் இல்லாத வண்டிக்கும் நான் பாஸ் போட்டுக் குடுக்கலாம். என் மிஷினுக்கு அது தெரியாது."

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். "எதுக்கு அண்ணாத்தே பொம்பளைய பயம் காட்டினுகீற?" என்றான். குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

ஆர்.சி கார்டை எடுத்து அவளிடம் காட்டினேன். இது வண்டியின் ஜாதகம் மாதிரி, இது யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விற்க முடியும், லோன் இருந்தால் பேங்க் பேரும் இதில் இருக்கும், அப்படியிருந்தால் பேங்க்கில் தடையில்லை என்று கடிதம் வாங்காமல் உன் பேருக்கு மாறாது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியில் அடித்திருக்கிற நம்பரோடு வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் உடனே காருக்குப் போய், எங்கே என்று கேட்டு, குனிந்து, செல்போன் டார்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தாள். நம்பர் சரியாக இருந்தது. கார்டில் 'மோட்டார் கார்' என்று இருந்தது. ஆனால் அந்தக் கார்டு என் விரலுக்குச் சரியாகப் படவில்லை. எழுத்துகள் கொஞ்சம் தடித்திருந்தன. வருஷக்கணக்கில் தினமும் தொட்டுப் பார்க்கிற பொருள் அது.

நம்பர் சரிபார்த்துவிட்டுத் திரும்பும்போது அவள் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். அடியில் மடித்துக் கிடந்த ஒரு காகிதத்தோடு வந்தாள். பழைய பொல்யூஷன் சர்டிபிகேட், வேறு ஏதோ ஊரில் போட்டது, மூன்று வருஷத்துக்கு முந்தையது. பரிசோதனை செய்யும்போது வண்டியின் நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி நாங்கள் படம் எடுப்போம். அந்தப் படம் சர்டிபிகேட்டிலேயே அச்சாகும். கலர் பிரிண்ட். இதே வண்டி, இதே நம்பர். நம்பர் பிளேட் மஞ்சள்.

அவளுடைய போனை வாங்கி, அரசாங்க ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டேன். 'மோட்டார் கேப்', அதாவது டாக்சி என்று வந்தது. எஃப்.சி முடிந்து இருபத்திரண்டு மாதம் ஆகியிருந்தது. இன்சூரன்சும் முடிந்திருந்தது.

போனையும் கார்டையும் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். "இது வாடகை வண்டிமா. பெர்மிட்ட ஒப்படைச்சு, வரியக் கட்டி, ஆர்.டி.ஓ ஆபீஸ்ல ஓன் போர்டுன்னு மாத்தினா தான் வெள்ளை போர்டு மாட்டலாம். இங்க மாத்தவே இல்ல. பிளேட்ட மட்டும் மாத்திகீறாங்க. எஃப்.சி போன வாடகை வண்டிக்கு ஆர்.சி இருந்தும் இல்லாத மாதிரிதான். நாளைக்கு நீ உன் வீட்டுக்காரர ஏத்திக்கினு போய் எங்கயாவது இடிச்சா, எவனும் உனக்கு நிக்கமாட்டான்."

"அப்ப இந்தக் கார்டு?"

"இது ஆபீஸ்ல குடுத்த கார்டு இல்ல."

இதைச் சொல்லி முடிக்கவில்லை. அவன் என் சட்டையைப் பிடித்து வேனின் தகரத்தில் மோதினான். பின்மண்டை அடிபட்டு ஒரு நிமிஷம் எதுவும் தெரியவில்லை. "யார்றா உன்ன கேட்டா? பொகை புடிக்கிற நாயி, பொகைய புடிச்சிட்டுப் போவேண்டியதுதானே?" என்று சொல்லிக்கொண்டே வயிற்றில் குத்தினான். ஒல்லியாக இருந்தாலும் இரும்பு மாதிரி கை. இரண்டாம் குத்தில் காலையில் தின்ற இட்லி வாய்க்கு வந்தது.

அவள் பின்னாலிருந்து அவன் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பி அவளை அறைந்தான். அந்தச் சத்தம் பங்கில் எல்லாருக்கும் கேட்டது. அவள் காதிலிருந்து கம்மல் தெறித்து ஆயில் படிந்த தரையில் விழுந்தது. அவன் அவள் தலைமுடியைப் பிடித்து வளைத்து, "கார்ட குடு, பேப்பர குடு, வண்டி வேணாம்னா போய்க்கினே இரு" என்று கத்தினான். அவள் கார்டைக் கொடுக்கவில்லை. அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு வளைத்தான். அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். காற்றடிக்கும் மிஷின் பக்கத்தில் வீல் ஸ்பேனர் ஒன்று கிடக்கும். அதை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்பக்கமாகச் சுழற்றினாள். அவன் தோளெலும்பில் பட்டது. ஈரக் கட்டை உடைகிற மாதிரி ஒரு சத்தம்.

அவன் அவளை விட்டான். ஒரு கை தொங்கியது. காரை நோக்கி ஓடினான்.

அப்போது நான் அவனைப் போக விட்டிருக்கலாம். கார்டு அவளிடம் இருந்தது. அவளுடைய போனில் எல்லா விவரமும் இருந்தது. விட்டிருந்தால் அன்றைக்கு நடந்ததில் பாதி நடந்திருக்காது. ஆனால் அடிபட்டவனுக்கு ஒரு வெறி வரும். நான் ஓடிப்போய் டிரைவர் கதவைப் பிடித்து, சாவியைப் பிடுங்கக் கையை உள்ளே விட்டேன். அவன் கதவை இழுத்துச் சாத்தினான். என் வலது கை இன்னும் கதவு இடுக்கில் இருந்தது. நான் அலறியது எனக்கே கேட்டது. அவன் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மறுபடியும் சாத்தினான். முதல் முறை தெரியாமல் சாத்தியிருக்கலாம். இரண்டாம் முறை தெரிந்துதான். அந்த முகத்தை நான் மறக்க முடியாது, ஏனென்றால் அதில் கோபம் இல்லை. ஒரு வேலையை முடிக்கிறவன் முகம் மாதிரி இருந்தது.

அவன் மறுபடி திறந்தபோதுதான் கை வெளியே வந்தது. இரண்டு விரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று தெரியவில்லை. நான் கீழே உட்கார்ந்தேன். அவன் வண்டியைக் கிளப்பி, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, வந்த வேகத்தில் பங்கை விட்டு ரோட்டுக்குப் பாய்ந்தான்.

எதிரே, ரோட்டோரமாக ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. நாற்பது அடி தூரம் இருக்கும். சாதாரண வண்டி அந்தத் தூரத்தில் நிற்கும். அவன் பிரேக் அடித்தது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. தோள் உடைந்து, ஒரே கையால் திருப்ப முடியவில்லை போலிருக்கிறது. லாரியின் பின்புறம் காரின் மூக்கு நுழைந்தது. பானெட் கசங்கி மேலே எழுந்தது. லாரியின் வால்வு உடைந்து தண்ணீர் கார் மேல் கொட்டியது. ஹாரன் விடாமல் அலறியது.

கூட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. பங்கில் இருந்தவர்கள், எதிர் டீக்கடையில் நின்றவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். அவன் அவளை அறைந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். கதவை நெம்பித் திறந்து அவனை வெளியே இழுத்தார்கள். இடது கால் பெடல்களுக்கு நடுவில் மாட்டியிருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கால் வெளியே வந்தபோது கீழ்ப்பகுதி வேறு திசையில் மடிந்திருந்தது. தண்ணீரில் போட்டு அடித்தார்கள். "பொம்பள மேல கைய வைப்பியா?" "ஹெல்மெட்டால போடுடா!" ஒருவன் பெல்ட்டைக் கழற்றியிருந்தான். ஒருவர் கையில் காய்கறிப் பையோடு வந்து, பையை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு மிதி மிதித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

நான் நசுங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போனேன். தடுக்கப் போனேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. கூட்டம் எனக்கு வழி விட்டது, ஏனென்றால் என் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உரிமை இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். அவன் ஒருக்களித்துக் கிடந்தான், வாயில் பாக்கா ரத்தமா தெரியவில்லை. நான் அவன் விலாவில் உதைத்தேன். ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை, இன்னும் ஓங்கி. எனக்கு அது சுகமாக இருந்தது. எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் சுகமாக இருந்தது என்பதுதான் உண்மை. இதே மாதிரி கீழே கிடந்து செருப்புகளை மட்டும் பார்த்தவன் நான். அந்த நிமிஷத்தில் அது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

அவள்தான் நிறுத்தினாள். அந்த வீல் ஸ்பேனரோடு உள்ளே வந்து, அவனுடைய இரண்டு பக்கமும் காலை வைத்து நின்றாள். முடி அவிழ்ந்து, காதில் ரத்தம் வடிந்து, "எவனாவது கிட்ட வந்தீங்க, மண்ட பொளந்துடும்!" என்று கத்தினாள். ஒருவன் சிரித்துக்கொண்டே, "உனக்கோசரம்தானே அடிக்கறோம்?" என்று முன்னால் வந்தான். அவள் ஸ்பேனரைச் சுழற்றினாள். அவன் முழங்கையில் பட்டது. அவன் சுருண்டு உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"எனக்கோசரம் எவனும் அடிக்க வாணாம்" என்றாள். "இவன் செத்துட்டா, இந்தக் கார்ட யாரு போட்டுக் குடுத்தான்னு எவன் சொல்லுவான்? யாராவது நூத்தியெட்டுக்கு போன் போடுங்க."

எங்கள் இருவரையும் ஒரே ஆம்புலன்சில்தான் ஏற்றினார்கள். அவன் படுத்திருந்தான், நான் உட்கார்ந்திருந்தேன். அவள் எங்களோடு வரவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கார்டையும் பழைய பொல்யூஷன் பேப்பரையும் கொடுத்து, புகார் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் என் விரல்களுக்குக் கம்பி வைத்தார்கள். வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். நைட்டிக்கு மேல் துப்பட்டா, காலில் ரப்பர் செருப்பு. "நீதான் பொகை டெஸ்ட்டுக்காரனா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். செருப்பைக் கழற்றி என் கன்னத்தில் அடித்தாள். அவனுடைய மனைவி. "உன் வாய மூடிகினு இருந்தா இன்னாடா உனக்கு கொறஞ்சி போய்டும்? என் புருஷன் கால எடுக்கணும்னு சொல்றாங்கடா!" நர்ஸ் ஓடிவந்து பிடிப்பதற்குள் நான்கு அடி விழுந்துவிட்டது. நான் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. வலது கையை உயர்த்தவும் முடியாது.

அவள் அழுதுகொண்டே சொன்னதிலிருந்துதான் கதை எனக்குத் தெரிந்தது. கால் டாக்சியாக ஓடிய வண்டி. எஃப்.சி-க்குக் கொண்டுபோனபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியில்லை, செய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். செய்ய வழி இல்லை. வண்டி ஓரமாக நின்றது, அவன் வேறொருவர் வண்டிக்கு டிரைவராகப் போனான். யாரோ ஒருவன் கார்டு போட்டுத் தருகிறேன், ஓன் போர்டாக விற்றுவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறான். விற்க வந்தவனுக்குப் பிரேக் இல்லாதது தெரியும். தெரிந்துதான், நடக்க முடியாத மனிதனை ஏற்றிச் செல்லப்போகிறவளுக்கு விற்க வந்திருக்கிறான். இதை அவன் மனைவி சொல்லவில்லை. நானே கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. என்னிடம் வாக்குமூலம் வாங்க வந்தபோது பொறுமையாகக் கேட்டார். ஓன் போர்டுக்கு ஏன் எஃப்.சி இல்லை, மஞ்சள் போர்டுக்கு ஏன் உண்டு, பழைய பேப்பரில் இருந்த படத்தை வைத்து எப்படிக் கண்டுபிடித்தேன் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். விபத்தான வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து ரிப்போர்ட் கொடுத்திருந்தார். பிரேக் ஆயில் கசிந்து காலியாகியிருந்தது, பின் சக்கரத்தில் லைனிங்கே இல்லை, இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது என்று அதில் இருந்ததாகச் சொன்னார். கடைசியாகக் கேட்டார்: "வெளிய இழுத்துப் போட்டு அடிச்சது யாரு யாருன்னு தெரியுமா?"

"கூட்டம் மேடம். தெரியல" என்றேன்.

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

அவனுக்கு முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். போலிக் கார்டு போட்டுக் கொடுத்தவன் யார் என்று அவன் சொன்னான், அந்த ஆளையும் பிடித்தார்கள். இவன் ஜாமீனில் வந்தான். வழக்கு இன்னும் நடக்கிறது.

அந்தப் பெண் ஐந்து மாதம் கழித்து வேறொரு கார் வாங்கினாள். சின்ன பெட்ரோல் வண்டி. விற்கிறவர் ஒரு ரிட்டயர்டு மனிதர். என்னிடம்தான் கொண்டுவந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவரிடம் கேள்வி மேல் கேள்வி. "ஆர்.சி-ல தேதி எதுவரைக்கும் சார்? ஆப்லயும் அதேதான் வருதா? லோன் இருந்துச்சா? அப்ப பேங்க் பேர எடுத்தாச்சா?" அந்த மனிதர் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி வியர்த்துப்போனார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகும் ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்து நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தாள். அவள் ஆள்காட்டி விரல் கொஞ்சம் வளைந்தே சேர்ந்திருந்தது. பிரஸ்ஸில் கை வைக்கும்போது வலிக்கும் என்றாள். என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள்: "நீங்களும் அவன மிதிச்சீங்க இல்ல?"

"ஆமாம்மா."

"பாத்தேன்" என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் ரயிலேறி வேப்பம்பட்டில் இறங்கினேன். அந்தக் காரை விற்க வந்தவன் வீட்டை மாற்றிக்கொண்டு அங்கே போயிருந்தான். விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு அறை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்க லுங்கி காலியாகத் தொங்கியது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான்.

"இன்னா, எஃப்.சி பாக்க வந்தியா?" என்றான்.

நின்றுகொண்டே சொன்னேன். கூட்டத்தில் நானும் இருந்தேன், விலாவில் இரண்டு தடவை உதைத்தது நான்தான், போலீசிடம் சொல்லவில்லை.

"தெரியும்" என்றான். "உன் கைலேர்ந்து ரத்தம் சொட்டினது தெரிஞ்சுது. அங்க கீழ கெடந்து வேற இன்னா பாக்கறது? எல்லாம் காலுங்கதான்."

"அப்ப நீ ஏன் சொல்லல?"

"நான் உன் கை மேல ரெண்டாவது வாட்டி கதவ சாத்துனத நீ சொல்லலியே. மொத வாட்டி மட்டும்தானே எழுதிக் குடுத்துகீற. கோர்ட்டுல படிச்சாங்க."

அது நிஜம். அதை நான் எழுதவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஒருவேளை அவன் இரண்டாவது சாத்தலும் என் இரண்டாவது உதையும் ஒரே கணக்கு என்று எனக்குள் யாரோ முடிவு பண்ணியிருக்கலாம்.

அவன் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த, ஊன்றி நடக்கிற கட்டையை எடுத்து என் முட்டியில் அடித்தான். எதிர்பார்க்கவே இல்லை. கால் மடங்கி விழுந்தேன். முதுகில் இன்னொரு அடி. மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது நாற்காலி சாய்ந்து அவனும் என் மேலேயே விழுந்தான். ஒரு காலோடு எழ முடியவில்லை, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். நான் அவனை உதறிவிட்டு எழுந்திருக்கலாம். உதறவில்லை. அவன் கழுத்தில் துடிக்கிற நரம்பு என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அவன் மனைவி ஓடிவந்து, எங்களைப் பார்த்து, முதலில் என்னை அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு கையை இறக்கி, அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்க ஆரம்பித்தாள். அவளால் முடியவில்லை. "புடிய்யா ஒரு கை" என்றாள் என்னிடம். மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு, மறு பக்கம் நான் பிடித்தேன். இருவருமாக அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போ" என்றான்.

முட்டி வீங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன்வரை நொண்டிக்கொண்டே நடந்து, ஆவடிப் பக்கம் போகிற ரயிலைப் பிடித்து, கதவோரமாக நின்றபடியே வந்தேன்.